அற்புதங்களை நம்புவது அறிவுக்கு உகந்ததா? ஹியூமை வைத்து ஒரு கட்டுரைத் திட்டம்

தத்துவப் பாடத்தில் முதல் ஆண்டிலேயே வந்து நிற்கும் கேள்வி இது: “அற்புதங்களை நம்புவது அறிவுக்கு உகந்ததாக இருக்க முடியுமா? அனுபவவாதிகளின் மறுப்புகளைக் கொண்டு விவாதிக்க.” கேள்வியைப் படித்ததும் ஒரு சாரார் மதத்தைத் தாக்கப் புறப்படுகிறார்கள், மறு சாரார் அதைக் காக்கப் புறப்படுகிறார்கள். இரண்டையும் யாரும் கேட்கவில்லை. கேட்கப்படுவது சாட்சியம் பற்றி: ஒருவர் சொல்வதை எப்போது நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம்? 1,500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதப்போகிறவருக்கான திட்டம் கீழே இருக்கிறது. நம் அறிவு அனுபவத்திலிருந்தே வருகிறது என்று சொல்லும் அனுபவவாதிகளில், 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். லாக், மில் ஆகியோரையும் சேர்த்து ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால், மூவரைப் பற்றியும் குறிப்பு இருக்கும், வாதம் ஒன்றுகூட இருக்காது.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

‘அற்புதம் நடந்ததா’ என்பது ஒரு கேள்வி. ‘நடந்தது என்று நம்புவது அறிவுக்கு உகந்ததா’ என்பது வேறு கேள்வி. நல்ல ஆதாரம் கையில் இருந்ததால் ஒருவர் தவறான ஒன்றை நம்பியிருக்கலாம். அவரை அறிவற்றவர் என்று சொல்ல முடியாது. குற்றமற்றவர் ஒருவருக்கு எதிராகச் சாட்சியங்கள் எல்லாம் அமைந்துவிட்டால், தண்டனை விதித்த நீதிபதியின் தீர்ப்பு தவறுதான். ஆனாலும் அவர் நியாயமில்லாமல் நடந்துகொண்டார் என்று சொல்ல மாட்டோம். ஆகவே அற்புதம் நடக்கவே முடியாது என்று நிறுவ வேண்டிய பாரம் உங்கள்மேல் இல்லை. தெரியாமல் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொள்பவர்களே அதிகம்.

அடுத்து ‘முடியுமா’ என்ற சொல். ‘முடியாது’ என்று பதில் எழுதினால், நினைத்துப் பார்க்கக்கூடிய எந்தச் சூழலிலும் முடியாது என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு சூழலைக் காட்டினால் போதும். இந்த ஏற்றத்தாழ்வை முன்கூட்டியே கவனித்துக்கொண்டால், பின்னால் நிலைப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும்.

வரையறைக்கு ஒரு பத்தி, அதுவும் சின்னதாக. கடவுளின் அல்லது கண்ணுக்குப் புலப்படாத வேறொரு சக்தியின் விருப்பத்தால் இயற்கை விதி மீறப்படுவதே அற்புதம் என்கிறார் ஹியூம். வியப்பூட்டுவது வேறு, விதியை மீறுவது வேறு. ஒரு வீடு வானில் எழும்பினால் அது கண்ணுக்குத் தெரியும் அற்புதம். ஓர் இறகைத் தூக்கத் தேவையான விசையில் துளி குறைவாகக் காற்று வீசும்போது இறகு எழும்பினால் அதுவும் அதே அளவுக்கு அற்புதமே, நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். இதை எழுதிவிட்டால், விபத்தில் ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தது போன்ற நல்வாய்ப்புகளை ஒரே வரியில் விலக்கிவிடலாம்.

இந்த இடத்தில் ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்ற குறளைக் கொண்டுவரக் கை துடிக்கும். அறியும் வழிகள் காண்டல், கருதல், உரை என்று நம் அளவை நூல்கள் சொல்வதையும் சேர்க்கத் தோன்றும். உரையை ஓர் அளவையாக ஏற்பதா என்ற பழைய விவாதம் இதற்கு உறவுள்ளதே, ஆனால் அது தனிக் கட்டுரை. கேள்வி கேட்கும் மறுப்புகள் வேறு மரபிலிருந்து வருபவை.

நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுத் தொடருங்கள்

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு முடிவைத் தேடுவதால்தான் பல கட்டுரைகள் ‘இரு பக்கமும் நியாயம் உண்டு’ என்று முடிகின்றன. நான் பரிந்துரைக்கும் நிலைப்பாடு இது: கொள்கையளவில் அற்புத நம்பிக்கை அறிவுக்கு உகந்ததாக இருக்கும் சூழல் உண்டு, ஹியூமின் முதல் வாதம் தனியாக நின்று அந்தக் கதவை மூடவில்லை, ஆனால் சாட்சிகளின் நோக்கம் பற்றிய அவருடைய இரண்டாம் பகுதியைச் சேர்த்துப் பார்த்தால், மதங்கள் முன்வைக்கும் பதிவுகள் அந்தச் சூழலை எட்டுவதில்லை. உங்களுக்கு வேறு நிலைப்பாடு பிடித்திருக்கலாம். அப்போதும், ஹியூமின் எந்தப் பகுதி எந்தச் சுமையைத் தாங்குகிறது என்பதை அந்த வாக்கியம் சொல்ல வேண்டும்.

முதல் வாதம்: எடை போடுதல்

1748-இல் வெளிவந்த நூலில், மனித அறிவைப் பற்றிய ஆய்வின் பத்தாம் பிரிவில் இந்த வாதம் இருக்கிறது. அந்தப் பிரிவு இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ‘ஹியூம் சொல்கிறார்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் எந்தப் பகுதியில் சொல்கிறார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்; கட்டுரையின் தரம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

முதல் பகுதி சாட்சிகளைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. அறிவுள்ளவர் தம் நம்பிக்கையை ஆதாரத்தின் அளவுக்கு ஏற்ப வைத்துக்கொள்வார். ஒருவர் சொல்வதை நாம் நம்புவதற்குக் காரணம், சாட்சிகள் பொதுவாக உண்மை சொல்வதை அனுபவத்தில் கண்டிருப்பதுதான். ஒன்றை இயற்கை விதி என்று நாம் அழைப்பதற்குக் காரணமும் அனுபவம்தான், அதுவும் விலக்கே காணாத அனுபவம். எனவே அற்புதம் நடந்ததாக ஒருவர் சொல்லும்போது அனுபவமே அனுபவத்தை எதிர்த்து நிற்கிறது, இரண்டையும் தராசில் வைக்க வேண்டும். இதிலிருந்து அவர் எடுக்கும் விதி: ஒரு சாட்சியம் பொய்யாக இருப்பது, அது சொல்லும் நிகழ்ச்சியைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டுமே அந்தச் சாட்சியம் அற்புதத்தை நிறுவும்.

இந்த விதியை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கதவு சிறிதாகத் திறந்தே இருப்பதை இந்த விதியே ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் பகுதியில் ஹியூம் அதற்கு எடுத்துக்காட்டும் தருகிறார். 1600 ஜனவரி 1 முதல் எட்டு நாட்கள் பூமி முழுவதும் இருள் மூடியிருந்ததாக எல்லா மொழி எழுத்தாளர்களும் ஒருமித்துச் சொல்கிறார்கள், பயணிகளும் எல்லா நாடுகளிலிருந்தும் அதே கதையைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை ஏற்று, காரணத்தைத் தேட வேண்டும் என்கிறார். ஆனால் அதே தேதியில் எலிசபெத் அரசி இறந்து, அடக்கமாகி, ஒரு மாதம் கழித்து மீண்டும் அரியணை ஏறினார் என்று வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் எழுதினாலும் ஏற்க மாட்டேன் என்கிறார். சாட்சியம் இரண்டிலும் வலுவானது. பிறகு ஏன் இந்த வேறுபாடு? மனிதர்கள் கூட்டாக ஏமாற்றுவதும் ஏமாறுவதும் அரசியின் விஷயத்தில் எளிது, உலகளாவிய இருளின் விஷயத்தில் கடினம் என்பது ஒரு விடை. அந்த விடை முதல் பகுதியின் தராசிலிருந்து வரவில்லை. இரண்டாம் பகுதி பேசும் மனித இயல்பிலிருந்து வருகிறது. இதை ஒரு பத்தியாக எழுதுங்கள். உங்கள் நிலைப்பாட்டுக்கு ஹியூமிடமிருந்தே கிடைக்கும் சான்று அது.

எண்களில் ஒருமுறை செய்து பாருங்கள்

தராசு என்பது உருவகம். எண்களைப் போட்டுப் பார்த்தால் வாதம் எங்கே வலுக்கிறது, எங்கே இளகுகிறது என்பது தெரியும். கணக்கு எளிது, கட்டுரையில் ஐந்து வரிகளுக்குமேல் போகக் கூடாது.

ஒரு வகை நிகழ்ச்சி 10 லட்சம் வாய்ப்புகளில் ஒரு முறை நடக்கிறது என்று கொள்வோம். சாட்சி ஒருவர், அது நடக்காதபோதும் நடந்ததாகச் சொல்வது 1,000-க்கு ஒரு முறை. நல்ல சாட்சிதான். 10 லட்சம் வாய்ப்புகளில் உண்மையான அறிக்கை ஒன்று வரும். பொய்யான அறிக்கைகள் ஏறத்தாழ 1,000 வரும். அப்படியானால் அவர் ‘நடந்தது’ என்று சொல்லும் நேரங்களில் ஏறத்தாழ 1,001-இல் ஒன்றுதான் உண்மை. அவர் நேர்மையானவராக இருந்தும் நம்ப முடியவில்லை. ஹியூமின் முதல் பகுதி இதைத்தான் சொல்கிறது.

இப்போது இரண்டாவது சாட்சியைச் சேருங்கள். ஒருவரையொருவர் சாராமல் இருவரும் ஒரே பொய்யைச் சொல்வது 10 லட்சத்தில் ஒரு முறை. உண்மைக்கும் பொய்க்கும் சரிசமமான வாய்ப்பு வந்துவிட்டது. மூன்றாவது சாட்சி சேர்ந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. உண்மைக்கு ஏறத்தாழ 1,000-க்கு 1 என்ற சாதகம். கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் 1837-இல் ஹியூமுக்கு எதிராகப் பயன்படுத்தியது இந்த வகை வாதத்தைத்தான். நிகழ்ச்சி எவ்வளவு அரிதானாலும், சாராத சாட்சிகள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் நம்பலாம். கட்டுரையில் இதைச் சொல்லும்போது ‘சாராத’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடாத குறையாக அழுத்தம் கொடுங்கள். முழுக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது.

அரிதானது என்பதற்காகவே மறுக்க முடியாது என்பதற்கு இன்னும் நேரான எடுத்துக்காட்டு லாட்டரி. நிகழ்தகவு பற்றிய பேய்ஸின் புகழ்பெற்ற கட்டுரையை அவர் மறைவுக்குப் பின் 1763-இல் வெளியிட்ட ரிச்சர்டு பிரைஸ், 1767-இல் ஹியூமுக்கு எழுதிய பதிலில் இந்த வழியில்தான் போனார். 10 லட்சம் டிக்கெட்டுகளில் பரிசு பெற்ற எண் ஒன்றைப் பத்திரிகை வெளியிடுகிறது. பத்திரிகை நூற்றுக்கு ஒரு முறை பிழை விடும். அந்தக் குறிப்பிட்ட எண் விழுந்திருக்க வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று. ஆனாலும் நாம் நம்புகிறோம், நம்புவதும் சரிதான். ஏனெனில் பத்திரிகை பிழை விடும்போது அந்தப் பிழை மற்ற எல்லா எண்கள்மேலும் பரவலாக விழும். குறிப்பாக இந்த எண்ணின்மேல் விழ வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண்ணுள்ள டிக்கெட் பத்திரிகை அச்சகத்தில் எண்ணைக் கோப்பவரின் சட்டைப்பையில் இருக்கிறது என்று தெரியவந்தால்? பிழைகள் இனிப் பரவலாக விழாது, ஒரே எண்ணில் குவியும். நம்பிக்கை அங்கேயே உடைகிறது. மத அற்புதங்களைப் பற்றி ஹியூமின் இரண்டாம் பகுதி சொல்வதன் சாரம் இதுதான். வியப்பில் இன்பம் காணும் மனம், மதத்தின் பெயரால் சொல்லப்படுவதால் கூடும் ஆர்வம், தன் தரப்பு வெல்ல வேண்டும் என்ற ஆசை ஆகியவை பொய்யான அறிக்கைகளைத் துல்லியமாக ஓரிடத்தில் குவிக்கின்றன. இரண்டாம் பகுதியின் நான்கு காரணங்களையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டாம். ‘அறியாமை நிறைந்த நாகரிகமற்ற இனங்களிடையேதான் அற்புதங்கள் மிகுதி’ என்ற காரணம் பலவீனமானது, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரின் இறுமாப்பும் அதில் உண்டு. ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டு நோக்கம் பற்றிய வாதத்துக்கே இடம் கொடுங்கள்.

ஒரு நிகழ்வை முழுமையாக எடுத்து ஆராயுங்கள்: பாரிஸ் கல்லறை

மோசே கடலைப் பிளந்தது, தண்ணீர் திராட்சை ரசமானது என்று ஐந்து எடுத்துக்காட்டுகளைத் தூவுவதைவிட ஒன்றை நிதானமாகப் பார்ப்பது மேல். ஹியூமே தரும் நல்ல நிகழ்வு பாரிஸின் சான் மெதார் கல்லறைத் தோட்டம். 1727-இல் பிரான்சுவா த பாரிஸ் என்ற திருத்தொண்டர் இறந்தார். எளிமைக்கும் தருமத்துக்கும் பெயர்பெற்றவர், கத்தோலிக்கரில் ஜான்சனியர் என்ற பிரிவைச் சேர்ந்தவர். 1713-இல் போப் பிறப்பித்த ஆணையொன்றால் அந்தப் பிரிவு திருச்சபைக்குள்ளேயே நெருக்கடிக்கு ஆளாகியிருந்தது. அவர் கல்லறையருகே நோயாளிகள் குணமடைவதாகச் செய்தி பரவியது, கூட்டம் பெருகியது, பலருக்கு வலிப்பு போன்ற ஆவேசங்கள் வந்தன. 1732 ஜனவரியில் அரசு கல்லறைத் தோட்டத்தை மூடியது. இந்த இடத்தில் அற்புதம் செய்யக் கூடாது என்று கடவுளுக்கு அரசர் தடை விதித்திருக்கிறார் என்று அங்கே யாரோ எழுதிவைத்ததாக ஒரு பகடி அந்நாளிலிருந்து வழங்குகிறது. மோன்ழெரோன் என்ற பாரிஸ் நீதிமன்ற அதிகாரி இந்த நிகழ்வுகளைச் சான்றுகளோடு தொகுத்து 1737-இல் அரசர் 15-ஆம் லூயியிடம் நேரில் கொடுத்தார். கிடைத்தது பஸ்தீல் சிறை.

ஹியூம் இந்தச் சாட்சியத்தைக் குறைத்துப் பேசவில்லை. நேர்மையில் ஐயமற்ற நீதிபதிகள் முன், மதிப்புள்ள சாட்சிகளைக் கொண்டு, கல்வி வளர்ந்த காலத்தில், உலகின் சிறந்த நகரங்களில் ஒன்றில் பலவும் நிறுவப்பட்டன என்று ஒப்புக்கொள்கிறார். ஜான்சனியரின் எதிரிகளான இயேசு சபையினர் கற்றவர்களாக இருந்தும் தெளிவாக மறுக்க முடியவில்லை என்றும் சொல்கிறார். இத்தனை சாட்சிகளுக்கு எதிராக நாம் எதை வைப்பது என்று கேட்டுவிட்டு, நிகழ்வுகளின் முழுமையான இயலாமையை மட்டுமே வைக்க முடியும், அதுவே போதும் என்று முடிக்கிறார்.

இங்கேதான் உங்கள் கட்டுரையின் கூர்மையான பத்தி இருக்கிறது. ‘இயலாது’ என்ற சொல்லை ஹியூம் பயன்படுத்தலாமா? அதே நூலின் நான்காம் பிரிவில், உலக நிகழ்வு எதற்கும் நேர்மாறானது நடக்கக்கூடியதே, நாளை சூரியன் உதிக்காது என்பதில் முரண்பாடு ஏதும் இல்லை என்று நிறுவியவர் அவர். அனுபவம் இதுவரை கண்டதைச் சொல்லும். இயலாமையை ஒருபோதும் சொல்லாது. அந்தப் பத்தியை இப்படி எழுதலாம்:

“பாரிஸ் நிகழ்வில் ஹியூம் எடை போடுவதை விட்டுவிட்டு இயலாமையைத் துணைக்கு அழைக்கிறார். அவருடைய காரணக் கோட்பாடே அந்தத் துணையை அனுமதிப்பதில்லை. ஆனால் அவருக்கு அது தேவையும் இல்லை. சாட்சிகள் பலர் என்பது உண்மை; அவர்கள் சாராதவர்கள் அல்லர். ஒரே கல்லறையில் கூடி, ஒரே கதைகளைக் கேட்டு, தம் பிரிவுக்கு வானத்திலிருந்து ஓர் அங்கீகாரத்தை எதிர்பார்த்து நின்றவர்கள். குணமானதாகச் சொல்லப்பட்ட நோய்களில் சில தாமாகவே தணியக்கூடியவை. ஆகவே நூறு சாட்சிகள் இருந்தாலும் கணக்கில் அவர்கள் நூறு பேராக எண்ணப்பட மாட்டார்கள்.”

இதை எழுதிய கையோடு எதிர்ப்பக்கத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: எதிரிகள் சோதித்தும் மறுக்க முடியாமல் போனது, ஓரளவு சாராத சோதனையே. அந்த அளவுக்குச் சாட்சியத்தின் எடை கூடத்தான் செய்யும்.

எதிர்வாதங்களில் இரண்டை மட்டும் எடுங்கள்

எளிதில் நினைவுக்கு வரும் எதிர்வாதம், ஹியூம் வட்டமாகச் சுற்றுகிறார் என்பது. அற்புதத்துக்கு எதிராக மனித அனுபவம் முழுதும் ஒருமித்து நிற்கிறது என்று சொல்ல, அற்புத அறிக்கைகள் அனைத்தும் பொய் என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டுமே என்பார்கள். இதை எழுதுங்கள், ஆனால் வெற்றி முழக்கம் வேண்டாம். நம் கண்ணுக்குட்பட்ட, பரவலாகச் சோதிக்கப்பட்ட அனுபவத்தையே ஹியூம் தராசில் வைக்கிறார், சர்ச்சைக்குரிய அறிக்கையை மறுதட்டில் வைக்கிறார் என்று படித்தால் வட்டம் உடைந்துவிடுகிறது. மிஞ்சுவது, எதிர்த்தட்டின் எடை முழுமையானது அல்ல, மிகப் பெரியது என்பதுதான். அது உங்கள் நிலைப்பாட்டுக்கு இடைஞ்சல் செய்வதில்லை.

இரண்டாவதுதான் கனமானது. கடவுள் இருக்கிறார் என்று வேறு காரணங்களால் ஏற்கெனவே நம்புகிறவருக்கு, அற்புதத்தின் தொடக்க வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றாகவே இருக்க வேண்டுமா? நம் காலத்தில் தத்துவ அறிஞர் ரிச்சர்டு சுவின்பர்ன் இந்தத் திசையில் வாதிடுகிறார். அனுபவவாதியான மில்லும், கடவுளை முன்பே நம்பாதவருக்கு எந்தச் சாட்சியமும் அற்புதத்தை நிறுவாது என்று சொல்லி, அந்தக் கதவை நம்புகிறவருக்குத் திறந்தே வைத்தார். ஹியூமின் பதில் இரண்டாம் பகுதியின் இறுதியில் இருக்கிறது, பலர் அதுவரை படிப்பதில்லை. அற்புதம் செய்தவர் எல்லாம் வல்லவர் என்பதால் அது நடந்திருக்கும் வாய்ப்பு கொஞ்சமும் கூடுவதில்லை. ஏனெனில் அவருடைய செயல்முறையை இயற்கையின் வழக்கமான போக்கில் அவர் செய்வதிலிருந்துதான் நாம் அறிய முடியும், அந்தப் போக்கில் அற்புதங்கள் இல்லை. வலுவான பதில். ஆனால் கடவுளைப் பற்றிய அறிவு இயற்கையின் போக்கிலிருந்து மட்டுமே வர முடியும் என்பதை ஏற்பவருக்குத்தான் வலு. அந்த நிபந்தனையைச் சொல்லிவிட்டால், உங்கள் நிலைப்பாட்டின் ‘கொள்கையளவில்’ என்ற சொல் எதற்காக அங்கே இருக்கிறது என்பதும் விளங்கும்.

சொல்லக் கேட்காமல் தாமே கண்டவரின் நிலை என்ன என்று தேர்வாளர் மனதில் ஒரு கேள்வி எழும். இரண்டு வரி போதும். கண்ணும் நினைவும் ஒருவகைச் சாட்சிகளே, அவற்றின் பிழையும் அனுபவத்தால் அறியப்பட்டதே. எனவே தராசு அதேதான், சாட்சியின் தரம் மட்டும் மாறுகிறது.

இடப் பங்கீடு

முன்னுரையும் வரையறையும் நிலைப்பாடும் சேர்ந்து 200 சொற்கள். முதல் பகுதியின் வாதமும் இருள்–அரசி ஒப்பீடும் 350. எண் கணக்கும் அச்சகத்து டிக்கெட்டும் 250. பாரிஸ் 350. எதிர்வாதங்கள் 250. முடிவுரைக்கு 100. தேர்வறையில் நேரம் குறைந்தால் எண் கணக்கைச் சுருக்குங்கள், பாரிஸைச் சுருக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டுரையில் ‘நடக்காது’, ‘இயலாது’, ‘அறிவியல் மறுத்துவிட்டது’ என்று வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ‘இந்தச் சாட்சியம் போதாது, ஏனெனில்…’ என்று மாற்றி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் காரணம் விடுபட்டிருக்கிறது. அதை எழுதிச் சேர்த்த பிறகே முடிவுரைக்குப் போங்கள். முடிவுரையில் புதிய வாதம் வேண்டாம். எந்தச் சூழலில் ‘ஆம்’ என்பீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: நோக்கமில்லாத, ஒருவரையொருவர் அறியாத, எதிர்த்தரப்பின் சோதனையைத் தாங்கிய சாட்சிகள். பாரிஸ் நிகழ்வு அவற்றில் மூன்றாவதை ஓரளவு எட்டியது, முதல் இரண்டை எட்டவில்லை என்று எழுதி நிறுத்துங்கள்.